பைன் கூம்பில் 8, 13. சூரியகாந்தியில் 34, 55: எண்ணியும் வரைந்தும் புரிந்துகொள்வது எப்படி?

சூரியகாந்தியின் வட்டிலில் விதைகள் சுருள் சுருளாக அமைந்திருப்பதையும், அந்தச் சுருள்களின் எண்ணிக்கை ஃபிபொனாச்சி வரிசையில் வருவதையும் பலர் படித்திருப்பார்கள். 1, 1, 2, 3, 5, 8, 13, 21, 34, 55, 89 என, முந்தைய இரண்டைக் கூட்டினால் அடுத்தது வரும் வரிசை அது. ஆனால் ஏன் என்று கேட்டால், பெரும்பாலான விளக்கங்கள் "இயற்கையின் ரகசியக் கணிதம்" என்று சொல்லி நழுவிவிடுகின்றன. இதில் ரகசியம் எதுவும் இல்லை. கூட்டல், கழித்தல் தெரிந்தவர் யாரும் காரணத்தைத் தாமே கண்டுபிடித்துவிடலாம்.

படி 1: கூம்பில் எண்ணுதல்

முதலில் பைன் கூம்பை எடுத்துக்கொள்ளுங்கள். சூரியகாந்தியைவிட இதில் எண்ணிக்கை குறைவு, கையில் வைத்துத் திருப்பவும் முடியும். காய்ந்த கூம்பின் செதில்கள் விரிந்திருக்கும். அப்போது சுருள்கள் கண்ணுக்குப் பிடிபடாது. சில மணி நேரம் தண்ணீரில் ஊறவையுங்கள். செதில்கள் மூடிக்கொள்ளும், சாய்சதுரக் கட்டங்கள் போன்ற அமைப்பு தெளிவாகத் தெரியும்.

காம்பு இருந்த அடிப்பக்கம் உங்களைப் பார்க்கும்படி பிடியுங்கள். மையத்திலிருந்து வெளிநோக்கி வலப்புறமாக வளைந்து செல்லும் சுருள்கள் ஒரு தொகுதி, இடப்புறமாக வளைபவை இன்னொரு தொகுதி. ஏதேனும் ஒரு சுருளின் எல்லாச் செதில்களிலும் வண்ணம் தீட்டிவிட்டு, அங்கிருந்து கூம்பைச் சுற்றிக்கொண்டே அதே திசைச் சுருள்களை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். வண்ணச் சுருள் மறுபடி வந்ததும் நிறுத்துங்கள். பிறகு எதிர்த் திசைக்கு வேறு வண்ணம். பெரும்பாலும் ஒரு பக்கம் 8, மறுபக்கம் 13 கிடைக்கும்; சில இனங்களில் 5, 8.

7 அல்லது 14 வந்தால், உடனே செடியைக் குறை சொல்லாதீர்கள். தொடக்கச் சுருளை இரண்டு முறை எண்ணியிருக்கலாம், அல்லது எண்ணாமலே விட்டிருக்கலாம். செதில்களை எண்ணுவதும் தொடக்கநிலையில் நடக்கும் குழப்பம்தான். நாம் எண்ண வேண்டியது சுருள்களை.

சூரியகாந்திக்குப் படம் எடுத்து அச்சிட்டுக்கொள்வது நல்லது. விளிம்புக்குச் சற்று உள்ளே ஒரு வட்டம் வரைந்து, அந்த வட்டத்தை வெட்டிச் செல்லும் சுருள்களை மட்டும் எண்ணுங்கள். நடுத்தரப் பூவில் 34, 55 என்றும், பெரிய பூவில் 55, 89 என்றும் வருவது வழக்கம். வட்டத்தை மையத்துக்கு அருகில் வரைந்தால் வேறு எண்கள், 21, 34 போல, வரும். ஏன் என்பது படி 3-இல் தெரியும்.

படி 2: ஒரு சூரியகாந்தியை வரைதல்

1979-இல் ஹெல்முட் ஃபோகல் ஒரு மிக எளிய விதியைத் தந்தார். புள்ளிகளுக்கு 1, 2, 3 என்று எண் கொடுங்கள். ஒவ்வொரு புள்ளியையும் முந்தையதிலிருந்து 137.508 பாகை திருப்பி வையுங்கள். மையத்திலிருந்து அதன் தொலைவு, அதன் எண்ணின் வர்க்கமூலம். வர்க்கமூலம் எதற்கு என்றால், ஒவ்வொரு புள்ளிக்கும் ஏறத்தாழ ஒரே அளவு இடம் கிடைப்பதற்கு. கோணமானியும் அளவுகோலும் போதும். கணினியில் பைத்தானும் matplotlib நூலகமும் இருந்தால் இன்னும் விரைவு:

```python
import math
import matplotlib.pyplot as plt

angle = math.radians(137.508)
n = range(1, 501)
x = [math.sqrt(k) * math.cos(k * angle) for k in n]
y = [math.sqrt(k) * math.sin(k * angle) for k in n]

plt.scatter(x, y, s=20)
plt.axis("equal")
plt.show()
```

திரையில் சூரியகாந்தி வந்து நிற்கும். கவனியுங்கள்: இந்த நிரலில் ஃபிபொனாச்சி எண் எதுவுமே இல்லை. சுருள் வரையச் சொல்லும் கட்டளையும் இல்லை. அடுத்தடுத்த எண்கள் கொண்ட புள்ளிகள் வட்டிலின் வெவ்வேறு மூலைகளில் போய் விழுகின்றன. நாம் பார்க்கும் சுருள், பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் புள்ளிகளைக் கண் தானாக இணைத்துக்கொள்வதால் தோன்றுவது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: ஒரு புள்ளிக்கு மிக அருகில் இருப்பவை எவை?

படி 3: 100-ஆம் புள்ளியின் அண்டை வீட்டார்

100-ஆம் புள்ளியை எடுத்துக்கொள்வோம். அதற்கு அருகில் இன்னொரு புள்ளி வர வேண்டுமானால், சில திருப்பங்களுக்குப் பிறகு கோணம் கிட்டத்தட்ட அதே திசைக்குத் திரும்பியிருக்க வேண்டும். எத்தனை திருப்பங்களில் திரும்புகிறது? 8 திருப்பங்களில் மொத்தம் 1100.06 பாகை. மூன்று முழுச் சுற்று 1080. எனவே 20.06 பாகை தாண்டிவிடுகிறோம். 13 திருப்பங்களில் 1787.60, ஐந்து முழுச் சுற்றான 1800-க்கு 12.40 பாகை குறைவு.

ஒன்று தாண்டுகிறது, மற்றது குறைகிறது. இரண்டையும் அடுத்தடுத்துச் செய்தால்? திருப்பங்கள் 8 + 13 = 21. பிழை 20.06 − 12.40 = 7.66 பாகை. எதிரெதிர்ப் பிழைகள் ஒன்றையொன்று தின்றுவிட்டதால் இது முந்தைய இரண்டையும்விடச் சிறியது. அடுத்து 13 + 21 = 34 திருப்பங்கள்: −12.40 + 7.66 = −4.74 பாகை. இந்த விஷயத்தின் முழுச் சாறும் இந்த இரண்டு வரிக் கணக்கில்தான் இருக்கிறது. முந்தைய இரண்டைக் கூட்டும் விதி எங்கிருந்தோ வந்து செடியில் ஒட்டிக்கொள்ளவில்லை. பிழையைக் குறைக்கும் வழியே அந்தக் கூட்டல்தான். குறிகள் மாறி மாறி வருவதால்தான் ஒரு தொகுதி வலப்புறமும் அடுத்தது இடப்புறமும் வளைகின்றன.

இனித் தொலைவைக் கணக்கிடுவோம். 100-ஆம் புள்ளியிலிருந்து 113-ஆம் புள்ளி 2.31 அலகு தூரம். 121-ஆம் புள்ளி 1.72. 134-ஆம் புள்ளி 1.81. 155-ஆம் புள்ளி, கோணத்தில் இன்னும் நெருக்கம் என்றாலும், வெளிப்புறமாக விலகிவிடுவதால் 2.52. ஆக வெளிப்பக்கத்தில் மிக நெருங்கியவை 21-ம் 34-ம் கூடிய எண்கள். கண் 100, 121, 142 என்று ஒரு சுருளைப் பார்க்கிறது. 100, 134, 168 என்று எதிர்ச் சுருளைப் பார்க்கிறது. எண்கள் 21 வீதம் தாவும் சுருள்கள் எத்தனை இருக்க முடியும்? 21-ஆல் வகுத்தால் வரக்கூடிய மீதிகள் 21. எனவே சுருள்களும் 21.

மையத்திலிருந்து வெளியே போகப் போக ஆரம் கூடுகிறது. 7.66 பாகை என்ற அதே பிழை அங்கே அதிகத் தூரமாகிவிடுகிறது. எனவே 21-இன் இடத்தை 55 பிடித்துக்கொள்கிறது. இன்னும் வெளியே, 1000-ஆவது புள்ளி அருகில், 55-ம் 89-ம் ஆட்சி செய்கின்றன. பெரிய பூவில் பெரிய எண்கள் வருவதற்கும், மையத்தருகே எண்ணினால் வேறு விடை வருவதற்கும் இதுவே காரணம்.

படி 4: கோணத்தைக் கெடுத்துப் பார்த்தல்

நிரலில் 137.508-ஐ 135 ஆக்குங்கள். 135 என்பது 360-இல் சரியாக எட்டில் மூன்று பங்கு. எட்டுத் திருப்பங்களில் பிழையே இல்லாமல் திரும்பிவிடுவதால், எட்டு நேர்கோடுகளும் இடையே வீணான வெற்றிடமும் கிடைக்கும். 137.3 போட்டுப் பாருங்கள். வெறும் 0.2 பாகை வித்தியாசம்தான். ஆனால் விளிம்பை நோக்கி 21 கைகள் மட்டும் பிரிந்து தெரியும், எதிர்ச் சுருள்கள் கலைந்துவிடும். 21 திருப்பங்களின் பிழை 3.3 பாகையாகச் சுருங்கியும், 34-இன் பிழை 11.8 பாகையாகப் பெருத்தும் போவதால், இரண்டுக்கும் இடையிலான சமநிலை உடைந்துவிடுகிறது. 137.508-இலோ ஒவ்வொரு பிழையும் அடுத்ததைப் போல் ஏறத்தாழ 1.618 மடங்காகவே நீடிக்கிறது. எந்தப் பக்கமும் ஓங்குவதில்லை. பொன் விகிதம் என்ற பெயர் இங்கேதான் நுழைகிறது. அந்தப் பெயரைச் சுற்றிச் சொல்லப்படும் அழகியல் கதைகளில் எனக்கு நம்பிக்கை குறைவு. இங்கே அதற்கு இருக்கும் வேலை இவ்வளவுதான்.

படி 5: செடிக்கு அந்தக் கோணம் எப்படித் தெரியும்?

தெரியாது. 1868-இல் வில்ஹெல்ம் ஹோஃப்மைஸ்டர் ஒரு விதியைச் சொன்னார்: வளர்நுனியில் புதிய அரும்பு, ஏற்கெனவே உள்ள அரும்புகள் விட்டுவைத்த மிகப் பெரிய இடைவெளியில் தோன்றும். இன்று இதன் வேதியியலும் தெரிகிறது. ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் சேரும் இடத்தில் அரும்பு முளைக்கிறது. முளைத்த அரும்பு சுற்றியுள்ள ஆக்சினைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. ஆகவே அதன் அருகில் அடுத்தது முளைக்க முடிவதில்லை.

இந்த விலக்கம் மட்டுமே போதுமா? 1992-இல் பிரான்சில் ஸ்டெஃபான் டுவாடி, ஈவ் கூடர் ஆகிய இருவரும் செடியே இல்லாமல் சோதித்தார்கள். எண்ணெய்த் தட்டின் நடுவில் காந்தத் திரவத்தைச் சீரான இடைவெளியில் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். காந்தப்புலத்தில் சொட்டுகள் ஒன்றையொன்று விலக்கியபடி விளிம்பை நோக்கி நகர்ந்தன. மெதுவாகச் சொட்டியபோது ஒவ்வொன்றும் முந்தையதற்கு நேர் எதிரே, 180 பாகையில், போனது. வேகத்தைக் கூட்டக் கூட்ட, முந்தைய பல சொட்டுகளின் விலக்கமும் சேர்ந்ததால் கோணம் 137.5-ஐ நெருங்கியது. ஆகவே அந்தக் கோணம் காரணமன்று, விளைவு. நெருக்கம் படிப்படியாகக் கூடும்போது 1, 2 என்ற அமைப்பு 2, 3 ஆகவும், அது 3, 5 ஆகவும் மாறுகிறது.

ஒரு சிறு எச்சரிக்கை: நம் நிரலில் மையத்துப் புள்ளி முதலாவது. உண்மையான சூரியகாந்தியில் சிறுபூக்கள் விளிம்பில் தொடங்கி உள்நோக்கி உருவாகின்றன. எனவே நிரல் முடிந்த பூவின் வடிவத்தைத் தருகிறதே தவிர, அது வளர்ந்த வரிசையைத் தருவதில்லை.

எண் பொருந்தாவிட்டால்

எல்லாப் பூவும் இந்த விதிக்குள் அடங்குவதில்லை. பொதுமக்கள் வளர்த்த 657 சூரியகாந்திகளை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2016-இல் வந்தது. பெரும்பாலானவற்றில் ஃபிபொனாச்சி எண்கள் இருந்தன. சிலவற்றில் ஒன்று கூடியோ குறைந்தோ இருந்தது. சிலவற்றில் ஒழுங்கே தெளிவாக இல்லை. வேறு சிலவற்றில் 1, 3, 4, 7, 11, 18, 29, 47, 76 என்ற லூகாஸ் வரிசை. அதே கூட்டல் விதிதான், தொடக்கம் மட்டும் வேறு.

உங்கள் பூவில் 47 வந்தால், சுருளுக்கு வண்ணமிட்டு மறுபடி எண்ணுங்கள். எதிர்த் தொகுதியும் 29 அல்லது 76 என்று வந்தால் எண்ணிக்கை சரி, பூதான் லூகாஸ் வகை. எதிர்த் தொகுதி 55 என்று வந்தால், 47-ஐத்தான் சந்தேகிக்க வேண்டும். விதை உதிர்ந்த அல்லது நசுங்கிய பகுதியில் சுருள்கள் பிளந்தோ இணைந்தோ போயிருக்கின்றனவா என்று அங்கே தேடுங்கள். லூகாஸ் பூ எப்படி இருக்கும் என்று பார்க்க, நிரலில் கோணத்தை 99.502 ஆக மாற்றினால் போதும். நடுப்பகுதியில் 29, 47 சுருள்களும் விளிம்பில் 47, 76 சுருள்களும் தெரியும்.