முன்பணத்தைத் திருப்பிக் கேட்கும் கடிதம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்தாயிற்று. கொடுத்திருந்த முன்பணம் 50,000. கைக்கு வந்தது 20,000. மீதி எங்கே என்று கேட்டால், "பெயின்ட், சுத்தம், ரிப்பேர்" என்று ஒற்றை வரியில் பதில் வருகிறது. இந்த இடத்தில்தான் பலர் கோபத்தோடு உட்கார்ந்து கடிதம் எழுதுகிறார்கள்.

அதில் பெரிய தவறு, "மீதி 30,000-ஐ உடனே தாருங்கள்" என்று மட்டும் கேட்பது. "எல்லாம் செலவாகிவிட்டது" என்று உரிமையாளர் சொன்னால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். பணத்தோடு கணக்கையும் கேளுங்கள்: எந்த அறையில் என்ன வேலை, எப்போது நடந்தது, எவ்வளவு ஆனது, ரசீதின் நகல் எங்கே? வேலையே நடக்காமல் வெறும் மதிப்பீட்டை வைத்துப் பிடித்திருந்தால், இந்தக் கேள்வியில் அது வெளியே வந்துவிடும்.

கணக்கு வந்த பிறகு, மொத்தத் தொகையோடு மல்லுக்கட்டாமல் ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். பெயின்டுக்கு 20,000 என்று போட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பூச்சு ஐந்து ஆண்டு தாங்கக்கூடியது, அடித்து நான்கு ஆண்டு ஆகிவிட்டது என்றால், மிஞ்சியிருந்த ஆயுள் ஐந்தில் ஒரு பங்குதான். சுவரை நீங்களே பாழாக்கியிருந்தாலும் 4,000-க்கு மேல் கேட்பது நியாயமில்லை என்று வாதிடலாம். வெயிலில் மங்கியது மட்டும்தான் என்றால் அது இயல்பான தேய்மானம். பொதுவாக அது வாடகைதாரர் தலையில் விழக்கூடாது. ஆனாலும் ஒப்பந்தத்தில் பெயின்ட் பற்றித் தனி நிபந்தனை இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

நல்லெண்ணத்தில் செய்யும் தவறு ஒன்று உண்டு. "கதவில் கீறல் விழுந்தது உண்மைதான், அதற்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று எழுதுவது, தொகை எழுதாத காசோலையில் கையெழுத்துப் போடுவதைப் போன்றது. ஒப்புக்கொள்வதாக இருந்தால், எந்தக் கதவு, எந்தக் கீறல் என்று குறிப்பிட்டு, ரசீது காட்டிய தொகைக்கு மட்டும் சம்மதம் என்று எழுதுங்கள்.

"விரைவில்" என்ற சொல்லுக்குக் கெடு கிடையாது. ஒப்பந்தமோ உள்ளூர் வாடகைச் சட்டமோ காலவரம்பு சொல்லியிருந்தால் அதையே மேற்கோள் காட்டுங்கள். இல்லையென்றால் 14 நாள் கொடுத்து, கெடு முடியும் தேதியை எழுதுங்கள். சாவி ஒப்படைத்த தேதி, உங்கள் புது முகவரி, வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றையும் விட்டுவிடாதீர்கள். "எங்கே அனுப்புவது என்று தெரியவில்லை" என்ற சாக்கு அதோடு போய்விடும். பதிவுத் தபாலிலோ மின்னஞ்சலிலோ அனுப்பி, அனுப்பியதற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள். வசவும் மிரட்டலும் வேண்டாம். நாளை வழக்கு என்று போனால் அந்தக் கடிதத்தைப் படிக்கப்போவது மூன்றாம் மனிதர்.

கடிதம் போனபின் உரிமையாளர் 10,000 அனுப்பி, "முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதித் தரச் சொல்லலாம். அப்படி எழுதிக் கொடுக்காதீர்கள். "10,000 வரவு, 20,000 நிலுவை, அதற்கான கணக்கு இன்னும் வரவில்லை" என்று அன்றே பதில் போடுங்கள்.