ஒரே மாதத்துக்கு இரண்டு லாபம்: அப்சார்ப்ஷன், மார்ஜினல் காஸ்டிங் வித்தியாசத்தைச் சரிகட்டுவது எப்படி

தேர்வுக்குப் படித்த நாட்களில் "இருப்பு கூடினால் அப்சார்ப்ஷன் லாபம் அதிகம், குறைந்தால் மார்ஜினல் லாபம் அதிகம்" என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். பதற்றத்தில் அதைத் தலைகீழாக எழுதிவிட்டு வந்தேன். காரணம் புரிந்திருந்தால் அந்த வரியை மனப்பாடம் செய்யவே தேவையில்லை. அதனால் இங்கே விதியைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு பணம் எங்கே போகிறது என்று பின்தொடர்ந்து பார்ப்போம்.

## படி 1: கணக்கின் விவரங்கள்

மேசை விளக்கு செய்யும் ஒரு தொழிற்சாலை என்று வைத்துக்கொள்ளுங்கள். நாணயம் எதுவானாலும் கணக்கு மாறாது, அதனால் வெறும் எண்களாகவே எழுதுகிறேன்.

ஒரு விளக்கின் விற்பனை விலை 100. அதைச் செய்ய ஆகும் மாறும் செலவு (மூலப்பொருள், கூலி, மின்சாரம் எல்லாம் சேர்த்து) 40. விற்கும்போது ஆகும் கமிஷன் 5. தொழிற்சாலை வாடகை, மேற்பார்வையாளர் சம்பளம், இயந்திரத் தேய்மானம் என நிலையான உற்பத்திச் செலவு மாதம் 60,000. அலுவலகம், விற்பனைப் பிரிவு இவற்றின் நிலையான செலவு மாதம் 30,000. வழக்கமான மாத உற்பத்தி 3,000 விளக்குகள்.

முதல் மாதம் தொடக்க இருப்பு எதுவும் இல்லை. 3,000 விளக்குகள் செய்து 2,500 விற்றார்கள். கிடங்கில் 500 மிச்சம்.

## படி 2: இரண்டு முறைகளும் பிரியும் இடம்

விற்பனைத் தொகை, மூலப்பொருள், கூலி, கமிஷன், அலுவலகச் செலவு என எதிலும் இரண்டு முறைகளுக்கும் தகராறு இல்லை. தகராறு அந்த 60,000இல் மட்டும்தான்.

மார்ஜினல் காஸ்டிங் என்ன சொல்கிறது? வாடகை மாதத்துக்கு உரியது. விளக்கு செய்தாலும் செய்யாவிட்டாலும் கொடுத்தாக வேண்டும். எனவே 60,000 முழுவதையும் அந்த மாதத்திலேயே கழித்துவிடு.

அப்சார்ப்ஷன் காஸ்டிங் வேறு மாதிரி பார்க்கிறது. தொழிற்சாலை இல்லாமல் விளக்கு இல்லை, எனவே வாடகையும் விளக்கின் அடக்கவிலையில் ஒரு பகுதி. 60,000ஐ 3,000ஆல் வகுத்து, விளக்கு ஒன்றுக்கு 20 வீதம் ஏற்று. ஆக ஒரு விளக்கின் அடக்கவிலை மார்ஜினலில் 40, அப்சார்ப்ஷனில் 60.

வகுப்பது 60,000ஐ மட்டும்தான் என்பதைக் கவனியுங்கள். அலுவலகத்தின் 30,000 உற்பத்திச் செலவு அல்ல. அது எந்த முறையிலும் சரக்கின் மேல் ஏறாது. பலர் 90,000ஐ வகுத்து 30 என்று எடுத்துவிட்டு, கடைசியில் வித்தியாசம் ஏன் ஒட்டவில்லை என்று தேடிக்கொண்டிருப்பார்கள்.

## படி 3: முதல் மாத லாபம்

மார்ஜினல் முறையில்:

| விவரம் | தொகை |
|---|---|
| விற்பனை (2,500 × 100) | 2,50,000 |
| மாறும் உற்பத்திச் செலவு (2,500 × 40) | 1,00,000 |
| கமிஷன் (2,500 × 5) | 12,500 |
| பங்களிப்பு | 1,37,500 |
| நிலையான செலவு (60,000 + 30,000) | 90,000 |
| லாபம் | 47,500 |

அப்சார்ப்ஷன் முறையில்:

| விவரம் | தொகை |
|---|---|
| விற்பனை | 2,50,000 |
| விற்ற சரக்கின் அடக்கவிலை (2,500 × 60) | 1,50,000 |
| மொத்த லாபம் | 1,00,000 |
| கமிஷன் | 12,500 |
| அலுவலக, விற்பனை நிலையான செலவு | 30,000 |
| லாபம் | 57,500 |

வித்தியாசம் 10,000.

## படி 4: அந்த 10,000 எங்கே இருக்கிறது?

கிடங்கில் இருக்கிறது. விற்காமல் கிடக்கும் 500 விளக்குகளின் மேல் தலைக்கு 20 வீதம் ஏற்றி வைத்திருக்கிறோம் அல்லவா? 500 × 20 = 10,000.

மாத வாடகையும் சம்பளமும் கொடுத்தாகிவிட்டது, 60,000 கையைவிட்டுப் போய்விட்டது. ஆனால் அப்சார்ப்ஷன் கணக்கில் 50,000 மட்டுமே செலவாகக் காட்டப்பட்டது. மிச்சம் 10,000, சரக்கிருப்பு என்ற பெயரில் சொத்தாக அடுத்த மாதத்துக்குப் போகிறது. மார்ஜினலில் அப்படி எதுவும் போவதில்லை. இருப்பு 20,000 (500 × 40) என்று நிற்கும். அப்சார்ப்ஷனில் 30,000 என்று நிற்கும். லாப வித்தியாசமும் இருப்பு வித்தியாசமும் ஒன்றே.

## படி 5: இரண்டாம் மாதம்

இப்போது 2,800 விளக்குகள் செய்து 3,200 விற்கிறார்கள். தொடக்க இருப்பு 500, எனவே இறுதி இருப்பு 500 + 2,800 − 3,200 = 100.

மார்ஜினலில் எந்தச் சிக்கலும் இல்லை. விளக்கு ஒன்றுக்குப் பங்களிப்பு 55 (100 − 40 − 5). 3,200 × 55 = 1,76,000. அதில் 90,000 போனால் லாபம் 86,000.

அப்சார்ப்ஷனில் ஒரு புது வரி வருகிறது. 2,800 விளக்குகள் மேல் 20 வீதம் ஏற்றினால் 56,000தான் ஏறும். உண்மையில் ஆன செலவு 60,000. ஏறாமல் நின்ற 4,000ஐத்தான் அண்டர் அப்சார்ப்ஷன் என்கிறோம். அதை இந்த மாதச் செலவாகவே கழித்துவிட வேண்டும்.

| விவரம் | தொகை |
|---|---|
| விற்பனை (3,200 × 100) | 3,20,000 |
| விற்ற சரக்கின் அடக்கவிலை (3,200 × 60) | 1,92,000 |
| அண்டர் அப்சார்ப்ஷன் | 4,000 |
| மொத்த லாபம் | 1,24,000 |
| கமிஷன் (3,200 × 5) | 16,000 |
| அலுவலக, விற்பனை நிலையான செலவு | 30,000 |
| லாபம் | 78,000 |

இம்முறை அப்சார்ப்ஷன் லாபம் 8,000 குறைவு. போன மாதம் கிடங்கில் ஒதுங்கியிருந்த 10,000 இந்த மாதம் வெளியே வந்துவிட்டது. மிச்சமிருக்கும் 100 விளக்குகளோடு 2,000 மட்டும் உள்ளே தங்கியது. ஆக, இந்த மாதத்தின் 60,000 போக, பழைய செலவு 8,000ஐயும் அப்சார்ப்ஷன் கணக்கு சுமக்கிறது.

## படி 6: சரிகட்டும் பட்டியல்

| விவரம் | மாதம் 1 | மாதம் 2 |
|---|---|---|
| மார்ஜினல் லாபம் | 47,500 | 86,000 |
| கூட்டு: இறுதி இருப்பில் உள்ள நிலையான உற்பத்திச் செலவு | 10,000 | 2,000 |
| கழி: தொடக்க இருப்பில் உள்ள நிலையான உற்பத்திச் செலவு | 0 | 10,000 |
| அப்சார்ப்ஷன் லாபம் | 57,500 | 78,000 |

பட்டியலில் 4,000ஐக் காணோமே என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். மார்ஜினல் கணக்கு 60,000ஐ முழுதாகக் கழித்துவிட்டது. அப்சார்ப்ஷன் கணக்கும் ஏறாமல் நின்ற 4,000ஐக் கழித்துவிட்டுத்தான் 78,000 என்ற எண்ணுக்கு வந்தது. இரண்டு பக்கமும் ஏற்கெனவே வாங்கிக்கொண்ட தொகையைச் சரிகட்டும் இடத்தில் மறுபடி கொண்டுவரக் கூடாது. உங்கள் பட்டியல் சரியாக அண்டர் அப்சார்ப்ஷன் தொகை அளவுக்கே இடிக்கிறது என்றால், ஒன்று அதை இங்கே நுழைத்திருப்பீர்கள், அல்லது லாபக் கணக்கில் கழிக்க மறந்திருப்பீர்கள்.

மூன்றாம் மாதம் 2,900 செய்து 3,000 விற்று, கிடங்கு காலியாகிறது என்று வைத்து நீங்களே போட்டுப் பாருங்கள். மார்ஜினலில் 75,000, அப்சார்ப்ஷனில் 73,000 வரும். மூன்று மாதத்தையும் கூட்டினால் இரண்டு முறையிலும் 2,08,500. இருப்பு பூஜ்யத்தில் தொடங்கிப் பூஜ்யத்தில் முடிந்ததால், செலவு ஒளிய இடமில்லாமல் போய்விட்டது.

## வீதம் மாறினால்

பல புத்தகங்களில் "இருப்பு மாற்றம் × வீதம்" என்று குறுக்குவழி இருக்கும். வீதம் இரண்டு மாதமும் ஒன்றாக இருக்கும்வரை அது சரி. இரண்டாம் மாதத்தில் வழக்கமான உற்பத்தி இனி 2,500தான் என்று முடிவு செய்து, வீதத்தை 24 ஆக்கிவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். பழைய சரக்கு முதலில் விற்கப்படுவதாகக் கொண்டால், தொடக்க இருப்பில் 500 × 20 = 10,000 இருக்கும், இறுதி இருப்பில் 100 × 24 = 2,400 இருக்கும். வித்தியாசம் 7,600. குறுக்குவழியில் 400ஐ 24ஆல் பெருக்கினால் 9,600, 20ஆல் பெருக்கினால் 8,000, இரண்டுமே தப்பு. உற்பத்தியும் விற்பனையும் சமமாக இருக்கும் மாதத்தில்கூட, வீதம் மாறினால் லாபம் வேறுபடலாம். அதனால்தான் மேலே தொடக்க இருப்பையும் இறுதி இருப்பையும் தனித்தனி வரியாக எழுதினேன்.

## விற்காமலே லாபம்

முதல் மாதத்துக்குத் திரும்புவோம். விற்பனை அதே 2,500. ஆனால் மேலாளர் 4,000 விளக்குகளைச் செய்யச் சொல்கிறார். மார்ஜினல் லாபம் அசையாது, அதே 47,500. அப்சார்ப்ஷனில் 20 வீதமே ஏற்றிக்கொண்டு போனால் 80,000 ஏறும், உண்மையான செலவைவிட 20,000 அதிகம். அந்த ஓவர் அப்சார்ப்ஷனை லாபத்தில் கூட்டினால் 77,500 என்று வரும். ஒரு விளக்குகூடக் கூடுதலாக விற்கவில்லை, லாபம் மட்டும் 20,000 ஏறிவிட்டது! லாபத்தைப் பார்த்து ஊக்கத்தொகை கொடுக்கும் நிறுவனத்தில் இது எங்கே கொண்டுபோய் விடும் என்று யோசித்துப் பாருங்கள். கிடங்கில் 1,500 விளக்குகள் தூசி படிந்து கிடக்கும்.

வெளியிடப்படும் நிதி அறிக்கைகளுக்கு, நிலையான உற்பத்திச் செலவையும் சரக்கின் மதிப்பில் சேர்க்கச் சொல்கிறது சர்வதேசக் கணக்கியல் தரம் 2. எனவே அங்கே மார்ஜினல் முறை செல்லாது. அதை உள்ளே முடிவெடுக்கத்தான் பயன்படுத்த முடியும். ஆனால் உற்பத்தி வழக்கத்துக்கு மீறி உயர்ந்தால், சரக்கு உண்மையான செலவைவிட அதிக மதிப்பில் நிற்காதபடி வீதத்தைக் குறைக்க வேண்டும் என்றும் அதே தரம் சொல்கிறது. நம் கணக்கில் 60,000 ÷ 4,000 = 15. விற்ற சரக்கின் அடக்கவிலை 2,500 × 55 = 1,37,500; லாபம் 70,000. 77,500இல் இருந்து கொஞ்சம் இறங்கிவிட்டது. ஆனாலும் 1,500 × 15 = 22,500 கிடங்கில்தான் இருக்கிறது, மார்ஜினலின் 47,500ஐவிட அதே 22,500 அதிகமாகத்தான் லாபம் நிற்கிறது.