கூப்பிட்டால் உட்காரும் சிட்டு: பெயர் வைப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மண்டபத்திலிருந்து பாம்பன் வரைக்கும் புதிதாக நாய்க்குட்டி எடுக்கிறவர்கள் அடிக்கடி என்னிடம் கொண்டுவருவார்கள். குட்டிக்கு ஊசி போட்டாகிவிட்டது, கழுத்துப்பட்டை வாங்கியாகிவிட்டது, பெயரும் வைத்தாகிவிட்டது. அந்தப் பெயரைக் கேட்டதுமே பாதிப் பேர் வீட்டில் அடுத்த ஆறு மாதம் என்ன நடக்கும் என்று சொல்லிவிடலாம். 'விக்ரமாதித்தன்' என்று வைத்தால் கூப்பிட வாய் வலிக்கும் என்பது யாருக்கும் தெரியும், அதைப் பற்றிப் பேசப்போவதில்லை. தெரியாமல் செய்கிற தவறுகள்தான் எனக்கு முக்கியம்.

கட்டளையையே பெயராக வைப்பது

இன்னும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான்.

நம்மூரில் நாய்க்குக் கட்டளை என்றால் இங்கிலீஷில்தான் ஆரம்பிப்பார்கள். முதல் கட்டளை 'சிட்'. ஆனால் நம் வாய் 'சிட்' என்று டக்கென்று நிறுத்தாது. கொஞ்சம் அழுத்திச் சொன்னாலே 'சிட்டு' என்றுதான் வரும். அதே வீட்டில் குட்டிக்குச் செல்லமாக சிட்டு என்று பெயர் வைத்திருப்பார்கள். நாயின் காதுக்கு இரண்டும் ஒன்றேதான்.

பாம்பன் தெற்குவாடியில் ஒரு வீட்டில் அப்படி ஒரு சிட்டு இருந்தது. நாட்டு நாய், எட்டு மாதம், கெட்டிக்காரன். வீட்டுப் பையன் கருவாட்டுத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு 'சிட்' பழக்கியிருந்தான். அழகாக உட்காரும். "மாமா, கூப்பிட்டா வர மாட்டேங்குது, உக்காந்துக்கிட்டு என்னையே பாக்குது" என்றான். கூப்பிடச் சொல்லிப் பார்த்தேன். நாய் திரும்பியது, இரண்டு எட்டு வைத்தது, பின்பக்கம் தாழ்ந்தது, மறுபடி எழுந்தது, பையனின் முகத்தையும் கையையும் மாறி மாறிப் பார்த்தது. இந்த இரண்டுங்கெட்டான் நிலைதான் அடையாளம். பிடிவாதம் பிடிக்கிற நாய் உங்களைப் பார்க்காது, மோப்பத்திலேயே இருக்கும். பெயரும் கட்டளையும் மோதுகிற நாய் உங்களைப் பார்த்துக்கொண்டே தவறான வேலையைச் செய்யும். உட்கார்ந்ததற்குத்தான் அதற்குக் கருவாடு கிடைத்திருக்கிறது. அது செய்தது சரிதான்.

பெயரை மாற்றச் சொன்னேன், சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள். சில வாரம் கழித்து, வலையிலிருந்து கழித்துப்போட்ட மீன்களுக்கு நடுவே கிடந்த ஒரு பேத்தையை அந்த நாய் வாயில் கவ்விவிட்டது. பேத்தையின் ஈரலிலும் சினையிலும் தோலிலும் உள்ள விஷத்துக்கு மாற்று மருந்து கிடையாது. வாந்தி, தள்ளாட்டம், அப்புறம் மூச்சுத் தசைகளே நின்றுபோகும். பையன் பதறிப்போய் "சிட்டு! சிட்டு!" என்று கத்தினான். நாய் சொன்ன பேச்சைக் கேட்டு அங்கேயே உட்கார்ந்தது, மீனோடு. பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவர் பாய்ந்து போய் வாயைப் பிளந்து மீனைப் பிடுங்கினார். தோல் கிழிவதற்குள் எடுத்ததால் பிழைத்தது.

இதில் நாயைக் குறை சொல்ல முடியாது. 2020-இல் புடாபெஸ்ட் ஆய்வாளர்கள் நாய்களின் தலையில் மின்முனைகளை ஒட்டி ஒரு சோதனை செய்தார்கள். பழகிய கட்டளைகளையும், அவற்றில் ஒரே ஒரு ஒலியை மாற்றிய பொருளற்ற சொற்களையும், முற்றிலும் வேறான சொற்களையும் கேட்க வைத்தார்கள். முற்றிலும் வேறான சொல்லைக் கட்டளையிலிருந்து மூளை பிரித்துக் காட்டியது. ஒரு ஒலி மட்டும் மாறியதைப் பிரித்துக் காட்டவில்லை. ஆகவே 'சிட்டு இல்லை, கிட்டு' என்று மாற்றினால் போதும் என்று நினைக்க வேண்டாம்.

சரி, எப்படி மாற்றுவது? முதலில் அந்த வீட்டில் நாயிடம் நிஜமாகச் சொல்கிற சொற்களை எழுதச் சொன்னேன். சிட், இரு, வா, விடு, வேணாம், போ. புதுப் பெயரும் பறவைப் பெயராகத்தான் இருக்க வேண்டும் என்று பையன் பிடித்த பிடியில் நின்றான். 'மைனா' என்றான். நல்ல பெயர்தான், ஆனால் நாம் 'வேணாம்' என்று எழுதினாலும் வாயில் வருவது 'வேணா'. தூரத்தில் மைனாவும் வேணாவும் ஒன்றாகிவிடும். அடுத்து 'காக்கா' என்றான். ஒலியைப் பொறுத்தவரை அதைவிட நல்ல பெயர் கிடையாது. ஆனால் கீழக்கரைப் பக்கம் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், அந்த வீட்டுக்கு அங்கிருந்து வியாபாரிகள் வந்துபோவார்கள். நாயோடு சேர்ந்து அவர்களும் திரும்பிப் பார்க்க வேண்டாம். கடைசியில் 'புறா' என்று முடிந்தது. இரண்டே எழுத்து, நெடிலில் முடிகிறது, பட்டியலில் எதோடும் முட்டவில்லை. 'வா'வோடு ஆகாரம் பொருந்துகிறதே என்றால், அது பரவாயில்லை. பெயரைக் கேட்டு வந்துவிட்டால் நஷ்டம் ஒன்றுமில்லை. 'இரு', 'விடு', 'வேணாம்' ஆகியவற்றோடு முட்டினால்தான் ஆபத்து.

பழக்குவது சுலபம். வீட்டுக்குள் ஒருமுறை மட்டும் 'புறா' என்று சொல்லி, உடனே நகம் அளவு கருவாட்டுத் துண்டு. நாய் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. ஒரு வேளைக்குப் பத்து முறை, நாளுக்கு இரண்டு மூன்று வேளை. சில நாளில், வேறு பக்கம் பார்த்திருக்கும்போது சொன்னாலும் தலை சட்டென்று திரும்பும். அதற்குப் பிறகுதான் வெளியே, அதுவும் பத்து மீட்டர் நைலான் கயிற்றில் கட்டி. கயிற்றுக்கு நம் கரையில் பஞ்சமில்லை. பழைய பெயரை யாரும் வாயில் எடுக்கக் கூடாது, பாட்டி உட்பட. உட்காரச் சொல்ல இனி 'உக்காரு'தான்.

காற்றில் சோதிக்காமல் வைப்பது

பெயரைக் கூடத்தில் உட்கார்ந்து தேர்ந்தெடுப்பார்கள், கூப்பிடுவது கடற்கரையில். ஆடிக் காற்றில் நின்று 'ஹீரோ' என்று கத்திப் பாருங்கள். முதல் ஹகரம் உங்கள் உதட்டைத் தாண்டாது. நாய்க்குப் போய்ச் சேருவது 'ஈரோ', அதுவும் அரைகுறையாக. வீட்டில் 'இரு' என்று பழக்கியிருந்தால் அங்கேயே நின்றுவிடும். தூரம் போகப் போக மெய்யெழுத்தின் கூர்மைதான் முதலில் தேயும், உயிரொலி நிற்கும். அதனால் ஆ, ஓ போல வாய் திறந்து இழுக்கக்கூடிய முடிவு வேண்டும். 'பிங்க்கி', 'விக்ஸ்' எல்லாம் வீட்டு வாசலோடு சரி. ஒருவரை நூறடி தள்ளி, காற்று அவரிடமிருந்து உங்கள் பக்கம் அடிக்கும்படி நிற்க வைத்துப் பட்டியலில் உள்ள பெயர்களைக் கத்துங்கள். எது காதில் விழுந்தது என்று அவர் சொல்லட்டும்.

சீசர்

தெருவில் பாதி நாய்க்கு இந்தப் பெயர். மீன் கூடைப் பக்கம் மூக்கை நீட்டினால் எல்லோரும் சொல்வது "சீ, போ!" பெயரின் முதல் எழுத்தைக் கேட்டதுமே அது வாலை ஒடுக்கினால் ஆச்சரியப்படாதீர்கள்.

பெயரைச் சொல்லித் திட்டுவது

திட்டுவதற்கு 'வேணாம்' இருக்கிறது. பெயரை விட்டுவிடுங்கள்.

இரண்டு நாய்க்கு எதுகை

ராமு, சோமு. வேண்டாம்.

பூனைக்கு

வீட்டுப் பூனைகள் தங்கள் பெயரை மற்ற சொற்களிலிருந்து பிரித்து அறியும் என்று ஜப்பானில் 2019-இல் காட்டியிருக்கிறார்கள். ஆகவே அதற்கும் குறுகிய பெயரே வையுங்கள். வருவதும் வராததும் அதன் இஷ்டம்.