வங்கி ஸ்டேட்மென்டின் டிஜிட்டல் கையொப்பம்: மஞ்சளைப் பச்சையாக்கும் அந்த ஒரு கிளிக்

கடன் கோப்புகளோடு வரும் வங்கி ஸ்டேட்மென்ட்களைச் சரிபார்ப்பதுதான் பல வருடங்களாக என் வேலை. சமீபத்தில் எங்கள் பிரிவில் மூன்று பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். முதல் வாரத்திலேயே, நான் ஆரம்பத்தில் செய்த அதே தவறை மூவருமே செய்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. மென்பொருளே அந்தப் பக்கம்தான் ஆளை இழுக்கிறது. ஆனாலும் பார்க்கும்போது மனம் பதறுகிறது. அதனால் எழுதுகிறேன். கடவுச்சொல்லை மறப்பது, பக்கம் விட்டுப்போவது போன்றவற்றையெல்லாம் விட்டுவிடுகிறேன்.

பிரவுசரில் திறந்து "பார்த்தாச்சு" என்பது

பெரும்பாலான பிரவுசர்கள் பிடிஎஃப் கையொப்பத்தைச் சோதிப்பதே இல்லை. அடோபி ரீடர் போல, கையொப்பப் பேனல் உள்ள மென்பொருளில் திறங்கள்.

பக்கத்தில் தெரியும் பச்சை டிக்கை நம்புவது

அதை யார் வேண்டுமானாலும் படமாக வரைந்து ஒட்டலாம். தீர்ப்பு பேனலில் இருக்கிறது, பக்கத்தில் இல்லை.

மஞ்சள் கேள்விக்குறியை நாமே பச்சையாக்குவது

இதுதான் எனக்கு இன்னும் ஆறாத விஷயம். கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

கையொப்பமிட்ட ஸ்டேட்மென்டைத் திறக்கும்போது மென்பொருள் இரண்டு தனித்தனிக் கேள்விகளைக் கேட்கிறது. ஒன்று, கையொப்பமிட்ட பிறகு இந்த ஆவணம் மாறியிருக்கிறதா? இன்னொன்று, கையொப்பமிட்டவர் யார், அவரை நான் நம்பலாமா? முதல் கேள்விக்கான பதில் வெறும் கணக்கு. ஆவணத்தின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் அடையாளக் குறியீடான ஹாஷ் மதிப்பைப் புதிதாகக் கணக்கிட்டு, கையொப்பத்துக்குள் இருக்கும் மதிப்போடு ஒப்பிட்டால் போதும். இரண்டாவது அப்படி இல்லை. கையொப்பமிட்டவரின் சான்றிதழை யார் வழங்கினார், அந்த வழங்குநருக்கு யார் வழங்கினார் என்று மேலே ஏறிப் போய், கடைசியில் இருக்கும் வேர்ச் சான்றிதழ் நம் கணினியின் நம்பிக்கைப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது பட்டியலில் இல்லையென்றால் ஆவணம் மாறவில்லை என்று தெரியும், ஆனால் ஆள் யார் என்று தெரியாது. அப்போதுதான் மஞ்சள் நிறத்தில் `validity is UNKNOWN` என்று வரும்.

உண்மையான வங்கி ஸ்டேட்மென்டுக்கும் இந்த மஞ்சள் வரலாம். அடோபியின் பட்டியலில் எல்லாச் சான்றளிப்பு நிறுவனங்களும் இருப்பதில்லை. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. பத்து நல்ல கோப்புகளுக்கு மஞ்சள் வந்து, பத்தையும் ஒரே மாதிரி "சரிசெய்து" பழகியவர், பதினொன்றாவதையும் அப்படியே சரிசெய்துவிடுவார்.

அந்தச் "சரிசெய்தல்" எப்படி நடக்கிறது என்று பாருங்கள். கையொப்பத்தைக் கிளிக் செய்து சான்றிதழைத் திறப்பார்கள். `Trust` என்ற தாவலுக்குப் போய் `Add to Trusted Certificates` பொத்தானை அழுத்துவார்கள். அடுத்து வரும் பெட்டியில் `Use this certificate as a trusted root` என்பதை டிக் செய்து ஓகே கொடுப்பார்கள். கையொப்பத்தை மறுபடி சோதித்தால் பச்சை. ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கோப்பில் சேர்ப்பார்கள்.

இதில் என்ன சரிபார்க்கப்பட்டது? ஒன்றுமே இல்லை. "இவரை நம்புகிறேன்" என்று மென்பொருளிடம் நாம் சொன்னோம். "நீங்கள் நம்புகிறவர்தான்" என்று அது திருப்பிச் சொன்னது.

இதே அடோபியில் யார் வேண்டுமானாலும் சொந்தமாக ஒரு டிஜிட்டல் ஐடி உருவாக்கிக்கொள்ளலாம். பெயர், நிறுவனம், மின்னஞ்சல் என்று கட்டங்கள் வரும். அவற்றில் எந்த வங்கியின் பெயரைத் தட்டினாலும் ஏற்றுக்கொள்ளும். சில நிமிட வேலை. அப்புறம் தொகைகளை மாற்றிய ஸ்டேட்மென்டில் அதை வைத்துக் கையொப்பமிட்டால், நம் திரையில் வங்கியின் பெயரோடு அதே மஞ்சள் கேள்விக்குறிதான் வரும். உண்மைக்கும் போலிக்கும் அந்தத் திரையில் வித்தியாசமே தெரியாது.

எனக்கு நடந்தது இதுதான். முதல் வருடத்தில் ஒரு கோப்பு. ஸ்டேட்மென்ட் மஞ்சள். மேலே சொன்னபடி பச்சையாக்கி அனுப்பிவிட்டேன். சில வாரம் கழித்து வேறொரு விண்ணப்பதாரர், வேறொரு கணக்கு. இந்த முறை திறந்த உடனே பச்சை. சந்தேகப்பட எதுவுமே இல்லை என்று ஒரே நிமிடத்தில் முடித்தேன். அன்று மாலை பக்கத்து மேசையில் இருந்தவர் வேறு காரணத்துக்காக அதே கோப்பைத் திறந்தார். "சார், உங்க மெஷின்ல பச்சைன்னு எழுதியிருக்கீங்க, எனக்கு மஞ்சளா வருதே?" என்றார்.

இருவரும் சான்றிதழைத் திறந்து பார்த்தோம். யாருக்கு வழங்கப்பட்டது என்ற இடத்தில் வங்கியின் பெயர். யார் வழங்கியது என்ற இடத்திலும் அதே பெயர், எழுத்துக்கு எழுத்து. இடப்பக்கச் சங்கிலியில் ஒரே ஒரு வரி. அதாவது தனக்குத் தானே கொடுத்துக்கொண்ட சான்றிதழ். முதல் கோப்பில் நான் வேராக ஏற்றிக்கொண்டதும் இதே சான்றிதழ்தான். நான் உள்ளே விட்டது முதல் போலியை மட்டுமல்ல. அதே கை செய்யும் அடுத்தடுத்த போலிகளுக்கும் என் கணினியில் கதவைத் திறந்து வைத்திருந்தேன். இரண்டாவதை அன்றைக்கே நிறுத்திவிட்டோம். முதல் கோப்புக்குப் பணம் போய்விட்டது.

அப்படியென்றால் மஞ்சள் வந்தால் என்ன செய்வது? முதலில் ரீடரின் நம்பிக்கைப் பட்டியலைப் புதுப்பியுங்கள். `Preferences` உள்ளே `Trust Manager` பகுதியில் `Update Now` இருக்கும். பட்டியல் பழையதாக இருந்ததுதான் காரணம் என்றால் அதோடு தீர்ந்துவிடும். தீரவில்லையென்றால் சங்கிலியின் உச்சியைப் பாருங்கள். வழங்குநரும் பெறுநரும் ஒருவரே, சங்கிலியில் வேறு யாரும் இல்லை என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

சங்கிலியில் இரண்டு மூன்று வரிகள் இருந்தாலும் நிம்மதியாகிவிடாதீர்கள். போலி வேர் ஒன்றைச் செய்து, அதன் கீழே போலி வங்கி ஒன்றைத் தொங்கவிடுவதும் எளிதுதான். கோப்புக்குள் வந்த வேரைக் கோப்பை வைத்தே நம்பக் கூடாது என்பதே விதி. அந்தச் சான்றளிப்பு நிறுவனத்தின் தளத்துக்கு நீங்களாகவே போய் வேர்ச் சான்றிதழை இறக்குங்கள். அதன் ஹாஷ் மதிப்பான ஃபிங்கர்பிரின்டை எடுங்கள்:

```
openssl x509 -inform DER -in root.cer -noout -fingerprint -sha256
```

கோப்பிலிருந்து ஏற்றுமதி செய்த வேரின் ஃபிங்கர்பிரின்டையும் இப்படியே எடுத்து, இரண்டும் கடைசி எழுத்து வரை ஒத்துப்போனால் மட்டும், தளத்திலிருந்து இறக்கிய வேரைப் பட்டியலில் சேருங்கள். வங்கியின் சான்றிதழை ஒருபோதும் வேராகச் சேர்க்காதீர்கள். இதை ஒரு வேருக்கு ஒருமுறை செய்தால் போதும். பிறகு அந்த வேரின் கீழ் வரும் உண்மையான கோப்புகள் தாமாகவே பச்சையாக வரும்.

பச்சை வந்த பிறகும் பெயரைப் படியுங்கள். முறையான நிறுவனம் வழங்கிய, முற்றிலும் செல்லுபடியாகும் சான்றிதழ் ஒரு தனிநபருடையதாக இருக்கலாம். அவர் ஸ்டேட்மென்டில் கையொப்பமிட்டால் பச்சைதான் வரும். வங்கி கையொப்பமிட்டதாக ஆகாது.

"Valid" என்ற ஒரு சொல்லோடு நின்றுவிடுவது

கட்டளை வரி பழகியவர்கள் கையொப்பத்தைச் சோதிக்கும் `pdfsig` கருவியைப் பயன்படுத்துவார்கள். நான் மேலே சொன்ன போலி வகைக்கு அது தரும் முடிவு இப்படி இருக்கும்:

```
- Total document signed
- Signature Validation: Signature is Valid.
- Certificate Validation: Certificate issuer isn't Trusted.
```

முதல் இரண்டு வரிகள் நம் முதல் கேள்விக்கான பதில். மூன்றாவது வரி இரண்டாவது கேள்விக்கான பதில். இரண்டாவது வரியை மட்டும் வெட்டி அறிக்கையில் ஒட்டுபவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

முதல் வரியும் முக்கியம். பிடிஎஃப் கோப்பின் முடிவில், பழையதைத் தொடாமல் புதிய பகுதியை ஒட்ட முடியும். கையொப்பம் எந்தெந்த பைட்களைக் காக்கிறது என்பது `ByteRange` என்ற நான்கு எண்களில் எழுதியிருக்கும். `[0 1840 18226 60112]` என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். தொடக்கத்திலிருந்து 1840 பைட்கள் காக்கப்படுகின்றன. நடுவில் கையொப்பம் உட்கார்ந்திருக்கும் இடைவெளி. பிறகு 18226-ஆம் இடத்திலிருந்து 60112 பைட்கள். கூட்டினால் 78338. கோப்பின் அளவும் 78338 பைட்கள்தான் என்றால் கையொப்பம் கடைசி வரை போர்த்தியிருக்கிறது. கோப்பு 81450 பைட்கள் இருந்தால், கடைசி 3112 பைட்கள் கையொப்பத்துக்கு வெளியே இருக்கின்றன. `pdfsig` அதை `Not total document signed` என்று சொல்லிவிடும்.

வெளியே இருப்பதெல்லாம் மோசடி என்று அர்த்தமில்லை. இரண்டாவது கையொப்பமோ, நேர முத்திரையோ, பின்னாளில் சோதிப்பதற்கான சான்றிதழ்த் தகவலோ அப்படிச் சேர்ந்திருக்கலாம். ரீடரில் கையொப்பத்தின் மேல் வலது கிளிக் செய்து `View Signed Version` கொடுங்கள். கையொப்பமிட்ட நேரத்தில் இருந்த வடிவம் தனியாகத் திறக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்து, தொகை, தேதி, இருப்பு மூன்றையும் வரிவரியாக ஒப்பிடுங்கள். இந்த ஒட்டுப்பகுதி உட்படச் சில வழிகளில் மென்பொருளையே ஏமாற்ற முடியும் என்று ஜெர்மனியின் ரூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் காட்டினார்கள். அவர்கள் சோதித்த 22 மேசைக் கணினி மென்பொருள்களில் 21 அந்த வழிகளில் ஏதாவது ஒன்றிலாவது ஏமாந்தன. பழைய ரீடரை வைத்துக்கொண்டு சோதிக்காதீர்கள்.

பிரின்ட் கொடுத்து மறுபடி பிடிஎஃப் ஆக்கிய கோப்பை ஏற்பது

அதில் கையொப்பமே இருக்காது. மூலக் கோப்பைக் கேளுங்கள்.

காலாவதி என்றதும் போலி என்று முடிவு கட்டுவது

சான்றிதழ் இன்றைக்குக் காலாவதியாகியிருப்பது தவறில்லை. கையொப்பமிட்ட நாளில் உயிரோடு இருந்ததா என்பதே கேள்வி. அந்த நாள் எங்கிருந்து வந்தது என்று கையொப்ப விவரத்தில் பாருங்கள். கையொப்பமிட்டவரின் கணினிக் கடிகாரத்திலிருந்து என்றால், அந்த நேரத்துக்கு வேறு சாட்சி கிடையாது. நேர முத்திரை நிறுவனம் கொடுத்தது என்றால் அதை வைத்து முடிவெடுக்கலாம். சான்றிதழ் ரத்தாகியிருந்தால் இந்த வித்தியாசம் இன்னும் கூர்மையாகிவிடும். ரத்துக்கு முன்பே கையொப்பமிட்டதாக நேர முத்திரை சொன்னால் ஏற்பேன். வெறும் கணினிக் கடிகாரம் சொன்னால், விண்ணப்பதாரரை வங்கியிலிருந்து புதிதாக ஒரு ஸ்டேட்மென்ட் எடுத்து அனுப்பச் சொல்வேன்.

இதைப் படித்த கையோடு உங்கள் ரீடரில் `Preferences`, `Signatures` வழியே `Identities & Trusted Certificates` பகுதியைத் திறந்து பாருங்கள். அங்கே வேராக உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு வங்கிப் பெயரையும் நீக்கிவிட்டு, போன மாதம் பச்சை என்று எழுதிய கோப்புகளை மறுபடி திறங்கள்.