எஃப்டி வட்டியில வரி போக கையில நிக்கிறது எவ்ளோ?

பேங்க்ல 7% வட்டின்னு போட்டிருந்தா நமக்கு 7% கிடைக்கும்னு நினைச்சுக்காதீங்க, எஃப்டி வட்டி மொத்தமும் நம்ம வருமானத்தோட சேர்ந்து நம்ம ஸ்லாப் படிதான் வரி போடுவாங்க. 10 லட்சம் போட்டு வருஷா வருஷம் வட்டி வாங்குறீங்கன்னு வைங்க, வட்டி 70,000. நீங்க 30% ஸ்லாப்ல இருந்தா செஸ்ஸோட சேர்த்து 31.2%, அதாவது 21,840 ரூபா வரி. மிச்சம் 48,160. ஆக உண்மையான ரிட்டர்ன் 4.8% தான். 20% ஸ்லாப்னா செஸ்ஸோட 20.8%, அப்போ சுமார் 5.5% நிக்கும்.

நிறைய பேர் ஏமாறுற இடம் டிடிஎஸ். பேங்க் 10% பிடிச்சு 7,000 கட்டிட்டாங்க, அதோட வரி முடிஞ்சுதுன்னு விட்டுடுறாங்க. முடியலைங்க, அது வெறும் முன்பணம் மாதிரி, 30% ஸ்லாப்னா மீதி 14,840 நீங்கதான் கட்டணும். பேங்க் சொன்ன வட்டிக்கணக்கு வருமான வரி வெப்சைட்ல இருக்கிற ஏஐஎஸ்ங்கிற உங்க வருஷ அறிக்கையில அப்படியே தெரியும், அதனால ரிட்டர்ன் ஃபைல் பண்றதுக்கு முன்னாடி ஒருதடவை திறந்து பாத்துடுங்க.

க்யுமுலேடிவ் எஃப்டி போட்டவங்க இன்னும் கவனமா இருக்கணும், பணம் 5 வருஷம் கழிச்சுதான் கைக்கு வரும் ஆனா பேங்க் வருஷா வருஷம் சேர்ற வட்டிக்கு அந்தந்த வருஷமே டிடிஎஸ் பிடிச்சிடும், அதனால நீங்களும் அதை வருஷா வருஷம் வருமானத்துல காட்டிட்டு வர்றதுதான் நல்லது, இல்லன்னா கடைசி வருஷம் மொத்தமா காட்டும்போது ஸ்லாப்பே மேல ஏறிடலாம்.