அஸ்பிரினில் வினாகிரி மணம்

அம்மா இதயத்துக்குப் போடும் அஸ்பிரின் குளிசைகள் குசினித் தட்டில், அடுப்புக்கு மேலே, கடதாசி உறையில் கிடந்தன. யாழ்ப்பாணத்து வெக்கையோடு சோற்று ஆவியும் சேர்ந்து, உறையைத் திறந்தாலே வினாகிரி மணம். ஈரம் பட்டால் அஸ்பிரின் சலிசிலிக் அமிலமாகவும் அசற்றிக் அமிலமாகவும் உடையும். வினாகிரியில் இருப்பதும் இந்த அசற்றிக் அமிலம்தான். சூடு அதை விரைவாக்கும். சில குளிசைகளில் ஊசி போன்ற வெள்ளைப் பளிங்குகளும் தெரிந்தன. இவற்றில் மருந்தின் வலு குறைந்திருக்கும், போடவே கூடாது. மருந்தகத்தில் கேட்டுப் புதிதாக வாங்கினோம்.

இப்போது இறுக்கி மூடும் போத்தலில், ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு, படுக்கையறை அலுமாரியில் இருக்கிறது. குளிர்சாதனப் பெட்டி வேண்டாம் என்றேன்: வெளியே எடுத்துத் திறந்தால் குளிர்ந்த குளிசையில் நீர் கோக்கும். எல்லா மருந்தும் மணத்தால் காட்டிக்கொடுக்காது. அதனால் பிள்ளைகளின் பாணி மருந்தையும் குசினியிலிருந்து எடுத்துவிட்டேன்.