செக் திரும்பிவிட்டால் நோட்டீஸ் எழுதுவது எப்படி: அனுப்புநர் விவரம் முதல் கெடு வரை

சட்ட அறிவிப்புகளில் பல வகை உண்டு. ஆனால் முதன்முறையாக எழுதுகிறவர் பழகிக்கொள்ள ஏற்றது, வங்கியிலிருந்து திரும்பிய காசோலைக்கான அறிவிப்பு என்பது என் கருத்து. மாற்றுமுறை ஆவணச் சட்டம், 1881-இன் பிரிவு 138 இந்த அறிவிப்பில் என்ன கேட்க வேண்டும், எத்தனை நாளுக்குள் கேட்க வேண்டும் என்பதை வரையறுத்திருப்பதால், எழுதியது சரியா தவறா என்பதை எழுதியவரே சரிபார்த்துவிடலாம். அறிவிப்பு எழுத்து வடிவில் இருக்க வேண்டும் என்பதே சட்டத்தின் தேவை. வக்கீல் வழியாகத்தான் அனுப்ப வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. காசோலையைப் பெற்றவர் தாமே கையெழுத்திட்டு அனுப்பலாம்.

ஒரு கற்பனை நிகழ்வை எடுத்துக்கொள்வோம். சேலத்தில் மளிகை மொத்த வியாபாரி ஒருவர், ஒரு சில்லறைக் கடைக்காரருக்கு மூன்று பில்களில் 1,85,000 ரூபாய்க்குச் சரக்கு கொடுத்தார். கடைக்காரர் 40,000 ரூபாயை ரொக்கமாகத் தந்துவிட்டு, பாக்கி 1,45,000 ரூபாய்க்கு 5.1.2026 தேதியிட்ட காசோலையைக் கொடுத்தார். வியாபாரி அதை 8.1.2026 அன்று தம் வங்கியில் செலுத்தினார்; கணக்கில் போதிய பணம் இல்லை என்று காசோலை திரும்பியது. திரும்பிய காரணத்தை எழுதி வங்கி தரும் ரிட்டர்ன் மெமோவில் உள்ள தேதி 9.1.2026; அது வியாபாரியின் கைக்கு வந்தது 12.1.2026.

முதல் படி: எழுத உட்காருமுன் நாளைக் கணக்கிடுங்கள்

காசோலை திரும்பிய தகவல் வங்கியிலிருந்து கிடைத்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்பப்பட வேண்டும். தகவல் கிடைத்த நாளை விட்டுவிட்டு மறுநாளை ஒன்று என்று எண்ண வேண்டும் என்பதால், நம் வியாபாரிக்கு 11.2.2026 கடைசி நாள். மெமோவில் அச்சான தேதிக்கும் அது கைக்கு வந்த தேதிக்கும் வேறுபாடு இருந்தால், அச்சான தேதியிலிருந்தே எண்ணி அதற்குள் அனுப்பிவிடுவது பாதுகாப்பானது. தாமதமாக வந்தது என்று பிறகு நிரூபிக்கும் சுமை இருக்காது.

இரண்டாம் படி: தலைப்பகுதி

மேலே அனுப்புநரின் பெயர், தந்தை பெயர், கடையின் பெயர், முழு முகவரி ஆகியவற்றையும், அடுத்து தேதியையும், அதற்குக் கீழே பெறுநரின் விவரத்தையும் எழுதுங்கள். பெறுநர் பகுதியில்தான் புதியவர்கள் இடறுகிறார்கள். கடைப் பெயரை மட்டும் எழுதினால் போதாது. காசோலையில் கையெழுத்திட்டவர் யார், கணக்கு யார் பெயரில் உள்ளது என்று பார்த்து, "இன்னார், உரிமையாளர், இன்ன ஸ்டோர்ஸ்" என்று ஆளைக் குறிப்பிட வேண்டும். கடை முகவரியும் வீட்டு முகவரியும் தெரிந்தால் இரண்டுக்கும் தனித்தனியாக அனுப்பலாம். பின்கோடு தவறிய தபால் திரும்பி வந்தால், "சரியான முகவரிக்கு அனுப்பவே இல்லை" என்ற வாதத்திற்கு நீங்களே இடம் கொடுத்தவராவீர்கள்.

பெறுநரின் கீழ் பொருள் வரி: "1,45,000 ரூபாய்க்கான காசோலை பணமில்லாமல் திரும்பியது தொடர்பாக, மாற்றுமுறை ஆவணச் சட்டம் பிரிவு 138-இன்படி அறிவிப்பு."

மூன்றாம் படி: நிகழ்வுகளை எண்ணிட்ட பத்திகளில் எழுதுதல்

ஒரு பத்தியில் ஒரு நிகழ்வு. அந்த நிகழ்வுக்கு ஓர் ஆவணம். எதிர்தரப்பு பதில் அனுப்பும்போது "பத்தி 3-இல் கண்டது உண்மையல்ல" என்றுதான் எழுதும். நாளை நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் புகாரும் இதே வரிசையில்தான் போகும். ஒரே பத்தியில் ஐந்து செய்திகளைத் திணித்தால், எதை ஒப்புக்கொண்டார்கள், எதை மறுத்தார்கள் என்று பிரித்துப் பார்க்க முடியாது. நம் வியாபாரியின் அறிவிப்பு இப்படி அமையும்:

1. நான் மேற்கண்ட முகவரியில் மளிகை மொத்த வியாபாரம் செய்து வருகிறேன். தாங்கள் என்னிடம் கடனுக்குச் சரக்கு வாங்கி வந்தீர்கள்.

2. தாங்கள் மூன்று பில்களின்படி மொத்தம் ரூ.1,85,000 மதிப்புள்ள சரக்கைப் பெற்றுக்கொண்டீர்கள். (ஒவ்வொரு பில்லின் எண்ணும் தேதியும் தொகையும் இங்கே வர வேண்டும்.)

3. அதில் ரூ.40,000-ஐ ரொக்கமாகச் செலுத்திவிட்டீர்கள். பாக்கி ரூ.1,45,000.

4. அந்தப் பாக்கிக்காகத் தாங்கள் கையெழுத்திட்டு, 5.1.2026 தேதியிட்ட காசோலையை எனக்குக் கொடுத்தீர்கள். (காசோலை எண், வங்கி, கிளை.)

5. அக்காசோலையை 8.1.2026 அன்று என் வங்கியில் செலுத்தினேன். கணக்கில் போதிய பணம் இல்லை என்ற காரணத்துடன், 9.1.2026 தேதியிட்ட மெமோவோடு அது திரும்பியது. இத்தகவல் 12.1.2026 அன்று எனக்குக் கிடைத்தது.

நான்காம் பத்தியில் "அந்தப் பாக்கிக்காக" என்ற சொல்லைக் கவனியுங்கள். பிரிவு 138 பொருந்த வேண்டுமானால், சட்டப்படி வசூலிக்கத்தக்க ஒரு கடனுக்காகவோ பொறுப்புக்காகவோ காசோலை கொடுக்கப்பட்டிருக்க வேண்டும்; அந்தத் தொடர்பைச் சொல்லும் இடம் இதுதான். மூன்றாம் பத்தியில் 40,000 ரூபாயை ஒளிக்காமல் சொன்னதற்கும் காரணம் உண்டு: அதை விட்டுவிட்டால், பணம் கட்டியதையே மறைத்தவர் என்று எதிர்தரப்பு தொடங்கும். "ஏமாற்றுக்காரர்", "மோசடிப் பேர்வழி" போன்ற வசவுகள் எந்தப் பத்தியிலும் வேண்டாம். அவை வழக்கைப் பலப்படுத்துவதில்லை. அவதூறு என்று எதிர் நோட்டீஸ் வருவதற்குத்தான் உதவும்.

நான்காம் படி: கோரிக்கையும் கெடுவும்

அறிவிப்பின் உயிர் இந்தப் பத்தியில் இருக்கிறது. கேட்க வேண்டியது காசோலைத் தொகை. காசோலையில் ஒரு தொகையும் அறிவிப்பில் வேறொரு தொகையும் இருந்தால் அறிவிப்பே செல்லாமல் போகலாம். 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கில், காசோலை 1 கோடி ரூபாய்க்கு இருக்க, அறிவிப்பில் 2 கோடி என்று இருந்தது. தட்டச்சுப் பிழை என்ற விளக்கம் ஏற்கப்படவில்லை. ஆகவே தொகையை எண்ணிலும் எழுத்திலும் எழுதி, காசோலையைப் பக்கத்தில் வைத்து ஒத்துப் பாருங்கள். வட்டியோ செலவோ கேட்பதானால், அதைக் காசோலைத் தொகையோடு கூட்டி ஒரே தொகையாக எழுதாமல், தனிப் பத்தியில் பிரித்து எழுத வேண்டும்.

6. ஆகவே, மேற்படி காசோலைத் தொகை ரூ.1,45,000-ஐ (ரூபாய் ஒரு இலட்சத்து நாற்பத்தைந்தாயிரம்) இந்த அறிவிப்பு கிடைத்த நாளிலிருந்து 15 நாட்களுக்குள் எனக்குச் செலுத்துமாறு கோருகிறேன். தவறினால், பிரிவு 138-இன்படி தங்கள் மீது குற்ற வழக்குத் தொடர்வேன் என்று அறிவிக்கிறேன்.

"உடனடியாக", "ஒரு வாரத்தில்" என்றெல்லாம் கெடு வைக்காதீர்கள். சட்டம் தரும் அவகாசம், அறிவிப்பைப் பெற்ற நாளிலிருந்து 15 நாட்கள். நீங்கள் அனுப்பிய நாளிலிருந்து அல்ல.

ஐந்தாம் படி: அனுப்புதலும் அதன் பிறகும்

ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட்டு, ஒரு பிரதியைக் கோப்பில் வைத்துக்கொண்டு, சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும் வகையில் தபாலில் அனுப்புங்கள். அசல் காசோலையையும் மெமோவையும் ஒருபோதும் உறையில் வைக்காதீர்கள். அவை நீதிமன்றத்திற்கு வேண்டியவை. தபால் ரசீதில் முகவரி சரியாக அச்சாகியிருக்கிறதா என்று கவுண்டரை விட்டு நகருமுன் பாருங்கள். பெறுநர் வாங்க மறுத்து உறை திரும்பி வந்தால் அதைப் பிரிக்காமல் அப்படியே வைத்திருங்கள். சரியான முகவரிக்கு அனுப்பியிருந்தால், சேர்ந்ததாகவே நீதிமன்றம் அனுமானிக்கும்.

நம் வியாபாரி 20.1.2026 அன்று அனுப்ப, 23.1.2026 அன்று கடைக்காரர் பெற்றுக்கொண்டார் என்றால், 7.2.2026 வரை பணம் செலுத்த அவருக்கு அவகாசம் உண்டு. அதற்குமுன் வழக்குப் போட்டால் அது முன்கூட்டிய வழக்காகிவிடும். 8.2.2026 அன்று வழக்குத் தொடரும் உரிமை பிறக்கிறது. அதிலிருந்து ஒரு மாதத்திற்குள் புகாரைத் தாக்கல் செய்ய வேண்டும் என்பதால் கடைசி நாள் 8.3.2026. அன்று ஞாயிற்றுக்கிழமை. அடுத்த வேலை நாளில் தாக்கல் செய்யலாம்தான். இருந்தாலும் 6-ஆம் தேதி வெள்ளிக்கிழமையே முடித்துவிடுங்கள்.